‘போவாங்க’ என்ற மதிப்பீடு

‘போவாங்க’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். யாராவது சாதாரணமாக, “அவங்க நாளைக்கு ஊருக்குப் போவாங்க” என்று சொன்னால்கூட ஒரு நொடி முகம் சுளிக்கிறது. அந்த ஆளின் குரல் அந்தச் சொல்லில் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த ஆள் எங்கள் கம்பெனியின் நிதி இயக்குநர். சிறுசேரியில், பெரிய கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, இரண்டு மாடியில் இயங்கிய சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. நான் அங்கே கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். காலையில் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறினால் வண்டலூர் திரும்பி, கேளம்பாக்கம் சாலையின் பள்ளம் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். வண்டலூர் மேம்பாலத்தடியில் ஒருத்தி ஏறுவாள். டெஸ்டிங் பிரிவில் வேலை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தலைகூடக் காயாமல் ஓடி வருவாள். என் பக்கத்து சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து, “அக்கா, ஒரு நிமிஷம்” என்று கண்ணை மூடினால் சிறுசேரி வரை தூக்கம்தான்.

விழித்திருக்கும் நாட்களில் பேச்சு ஒன்றே ஒன்று: ஈசாப். ஊழியர்களுக்குக் கம்பெனி கொடுக்கும் பங்கு உரிமை அது. மூன்று வருடம் வேலையில் இருந்தால், முன்பே குறித்த விலைக்குக் கம்பெனியின் ஷேரை வாங்கிக்கொள்ளலாம். கம்பெனியை யாரோ வாங்கப் போகிறார்கள், அப்போது அந்த ஷேருக்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஆபீஸ் முழுக்க வதந்தி. மண்ணிவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு அவள் அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். பாங்க் கடன் போக மிச்சத்தை ஈசாப் அடைக்கும் என்பது அவள் கணக்கு.

என் கணக்கு வேறு மாதிரி. நாற்பது பேருக்கு, தலைக்கு ஆயிரம் உரிமைகள் கொடுத்திருந்தார்கள். கொடுத்த தேதியில் ஓர் உரிமையின் மதிப்பு முந்நூறு ரூபாய் என்று மதிப்பீட்டாளர் சொன்னார். அந்த முந்நூறு கடைசிவரை மாறாது, ஷேர் விலை ஏறினாலும் இறங்கினாலும். மாறுவது ஆள் எண்ணிக்கைதான். நாற்பதில் பத்து பேர் நடுவிலேயே வேலையை விட்டுவிடுவார்கள் என்று கணித்தோம். மிச்சம் முப்பது பேர், தலைக்கு மூன்று லட்சம், ஆக மொத்தம் தொண்ணூறு லட்சம். உழைப்பு மூன்று வருடம் என்பதால் செலவும் மூன்று வருடத்துக்குப் பரவும். வருடத்துக்கு முப்பது லட்சம் ஊழியர் செலவில் பற்று, அதே தொகை ஈசாப் ரிசர்வில் வரவு. ரிசர்வ் என்பது முதலாளிகளின் மூலதனத்தோடு சேர்ந்த ஒரு கணக்கு. பணம் ஒரு பைசா வெளியே போகாது, ஆனால் லாபம் குறையும். நிதி இயக்குநருக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ரிசர்வில் அறுபது லட்சம் சேர்ந்திருந்தது. மூன்றாவது வருடம் டிசம்பரில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“ஈசாப்ல எத்தனை பேர் போவாங்கன்னு போட்டிருக்கீங்க?”

“பத்து சார். இதுவரைக்கும் போனது பத்துதான். அதுக்கு மேல யாரும் ராஜினாமா பேப்பர் போடல.”

“இருபத்திரண்டுன்னு மாத்துங்க.”

“மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி மூணு வருஷம் முடியுது சார். இன்னும் பன்னிரண்டு பேர் அதுக்குள்ள எப்படிப் போவாங்க?”

அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: “போவாங்க.”

எனக்குக் கணக்கு உடனே ஓடியது. இருபத்திரண்டு பேர் போனால் மிஞ்சுவது பதினெட்டு. பதினெட்டுக்கு ஐம்பத்து நான்கு லட்சம். ஏற்கெனவே அறுபது லட்சம் செலவு எழுதியாகிவிட்டது. ஆக இந்த வருடம் முப்பது லட்சம் செலவுக்குப் பதிலாக ஆறு லட்சம் லாபத்துக்குத் திரும்பி வரும். காலக்கெடு முடிவதற்கு முன்னால் ஒருவர் போனால், அவருக்காக எழுதிய செலவு முழுக்கத் திரும்பிவிடும் என்பது விதி. அவராகப் போனாரா, கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா என்று அந்த விதி கேட்பதில்லை.

“திட்டமே வேண்டாம்னா ரத்து பண்ணிடலாமே சார்” என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

“ரத்து பண்ணா மிச்சச் செலவு மொத்தமும் அன்னிக்கே ஏறும். தெரியாத மாதிரி பேசாதீங்க” என்றார். ஆக, அவருக்கு எல்லாம் தெரியும். திட்டத்தைத் தூக்கினால் செலவு, ஆளைத் தூக்கினால் வரவு. அடச்சீ! யார் போவார்கள் என்று ஊகிப்பதற்குப் பெயர் மதிப்பீடு. எத்தனை பேர் போக வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு ஆளைத் தேடுவதற்கு என்ன பெயர்? நான் எண்ணை மாற்றவில்லை. யாரும் பேப்பர் போடாமல் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். “போடுவாங்க” என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது.

ஜனவரியில் ஆரம்பித்தது. மனிதவளப் பிரிவு ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. நேற்றுவரை ‘மிக நன்று’ வாங்கியவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை தெரியாமல் போய்விட்டது. அறைக்குள் போகிறவர் சிரித்துக்கொண்டே போவார், வெளியே வரும்போது முகம் செத்திருக்கும். மத்தியானம் மேஜை காலி. இதைச் செய்த ஆட்களோடு உட்கார்ந்து நான் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் தின்னவேண்டும். கருமம், பாதியிலேயே மூடிவைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மாலை பஸ்ஸில் அவள் தூங்கவில்லை.

“என்னையும் கூப்பிட்டாங்கக்கா. பர்ஃபார்மன்ஸ் சரியில்லையாம். இன்னிக்கே ரிசைன் பண்ணா மூணு மாச நோட்டீஸை மன்னிச்சு, நல்ல சர்டிஃபிகேட்டும் குடுக்கறாங்களாம். நாளைக்குள்ள சொல்லணும்.”

“மூணு மாச நோட்டீஸை மன்னிக்கறாங்களா? யாரு, இவனுங்களா?” எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கம்பெனியில் வேறு வேலை கிடைத்துப் போகிறவர்களை அந்த மூன்று மாதத்தைக் காட்டித்தான் கட்டிப் போடுவார்கள். அழுதாலும் விடமாட்டார்கள். இரண்டு தரப்பும் சம்மதித்தால் ஒழிய ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது என்று வேலை ஒப்பந்தத்தில் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள்.

“நீ சம்மதிக்காதே. ரிசைன் பண்றேன், ஆனா மூணு மாசமும் முழுசா வேலை பார்ப்பேன்னு எழுதிக் குடு. அவங்க போட்ட ரூல்தானே? மே மாசம் வரைக்கும் நீ ஊழியர். மார்ச் முப்பத்தொண்ணு தாண்டிடும். ஈசாப் உனக்கு.”

“சர்டிஃபிகேட் தரமாட்டாங்களேக்கா.”

“அதை வெச்சு ஃப்ளாட் வாங்க முடியுமா உன்னால?”

முன் சீட்டில் டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். “இன்னா மேடம், ரெண்டு பேரும் இவ்ளோ ஜோரா பேசிக்கினு வர்றீங்க? எதுனா பேஜாரா?” என்றார். “ஆமாண்ணே, ஆபீஸ்ல பெருச்சாளி தொல்லை” என்றேன்.

அவள் எழுதிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டார்கள். காலையிலிருந்து மாலைவரை வெறும் மேஜை முன்னால் உட்கார வைத்தார்கள். பழகிய ஆட்களே அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். அவள் வீட்டிலிருந்து குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னுகிற நூலைக் கொண்டுவந்து பின்னிக்கொண்டிருந்தாள், சென்னை வெயிலில் ஸ்வெட்டர்! மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை இரண்டு பேரும் தாம்பரத்தில் இறங்கி, மார்க்கெட் ஓரம் பஜ்ஜி தின்றோம். மற்ற பதினொரு பேரும் போயிருந்தார்கள். மிஞ்சியது பத்தொன்பது பேர். லாபத்துக்குத் திரும்பியது ஆறு லட்சம் இல்லை, மூன்று லட்சம். நிதி இயக்குநர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, “ஒரு பொம்பளையால மூணு லட்சம் போச்சு” என்றார். அதை என்னிடமே சொன்னார்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். திட்டத்தின் மறுபக்கத்தை நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன், ஆனால் அது இவ்வளவு கேவலமாகக் கடிக்கும் என்று நினைக்கவில்லை. வேலையை விட்டபின் முப்பது நாளுக்குள் ஷேரை வாங்கிவிட வேண்டும். அவளுடைய ஆயிரம் ஷேருக்குக் குறித்த விலை இரண்டு லட்சம், அதற்கு மேல் வருமான வரி. வாங்கினாலும் பங்குச் சந்தையில் விற்க முடியாது, பட்டியலிடாத கம்பெனி. மே மாதத்தோடு சம்பளம் நின்றவள் எங்கே போவாள்? கம்பெனி விற்பனை என்ன ஆயிற்று என்று நிதி இயக்குநரிடம் போய்க் கேட்டாளாம். “அப்படி எதுவும் இல்லையேம்மா” என்றாராம், அத்தனை கனிவாக. அந்த வாரம் முழுக்கக் கம்பெனியை வாங்கப்போகிறவர்களின் ஆட்கள் எங்கள் மீட்டிங் அறையில் உட்கார்ந்து என்னிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளிடம் சொன்னேன், இருக்கிறார்கள் என்று. “எப்போ முடியும்க்கா?” என்றாள். அது எனக்குத் தெரியவில்லை. முப்பது நாள் முடிந்தது. உரிமை காலாவதி ஆயிற்று.

மறுநாளே அவர் என் மேஜைக்கு வந்தார். “அந்தப் பொண்ணு ஷேர் வாங்கல இல்ல? மூணு லட்சம் செலவைத் திருப்பிடுங்க. லாபத்துல வரட்டும்.”

“முடியாது சார்.”

“ஏன்? அவதான் எதுவும் வாங்கலியே.”

“அவ மூணு வருஷம் உழைச்சு முடிச்சுட்டா. காலக்கெடுவுக்கு முன்னாடி போனாதான் செலவு திரும்பும். அதுக்கப்புறம் வாங்கறதும் விடறதும் அவ இஷ்டம். உழைப்பு கம்பெனிக்கு வந்தாச்சு, செலவு செலவுதான். ரிசர்வ்ல இருக்கற மூணு லட்சத்தை வேணும்னா தக்கவைத்த லாபத்துக்கு மாத்தலாம். லாப நஷ்டக் கணக்கைத் தொட விடமாட்டேன். ஆடிட்டரையே கேளுங்க.”

கேட்டார். ஆடிட்டரும் அதையேதான் சொன்னார். அப்புறம் நானே அந்தப் பதிவைப் போட்டேன்: ஈசாப் ரிசர்வில் மூன்று லட்சம் பற்று, முதலாளிகளுக்கென்று சேர்ந்திருக்கும் பழைய லாபமான தக்கவைத்த லாபத்தில் மூன்று லட்சம் வரவு. போட்டுவிட்டுப் போய்க் கை கழுவினேன். உண்மையிலேயே சோப்புப் போட்டுக் கழுவினேன்.

தீபாவளிக்கு முன்னால் கம்பெனி விற்றுப்போனது. ஷேர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கை நிறையப் பணம். நிதி இயக்குநர் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். என்னுடையதை பஸ்ஸில் டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். மண்ணிவாக்கம் அட்வான்ஸ் போன விஷயம் எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

அவள் போன் செய்தாள். செய்தி எட்டியிருக்கிறது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“அக்கா, சர்டிஃபிகேட்டும் தரல. நான் அங்க மூணு வருஷம் வேலை பார்த்தேன்னு எங்கயாவது இருக்கா?”

“இருக்கு. செலவுக் கணக்குல இருக்கு. உன் உழைப்புக்கு மூணு லட்சம்னு. அதை அழிக்கப் பார்த்தாங்க, நான் விடல.”

பின்னால் குழந்தை எதையோ போட்டு உருட்டும் சத்தம்.

“செலவு என் பேர்ல, சரி. வரவு யார் பேர்லக்கா?”

“முதலாளிங்க பேர்ல” என்றேன்.