உலோகம் இருக்கிறதா?

வவுனியா ஆஸ்பத்திரியில் நான் எழுதுவினைஞனாக இருந்தேன். கொழும்புக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகிறவர்களின் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பேஸ்மேக்கரை 'இதயத்துக்கு வைத்த கருவி' என்று எழுதினேன். நகை, ஊசி, கொண்டைக் கிளிப் கழற்றுவதும் சுலபமாக வந்தது. மூடிய இடத்துப் பயத்துக்கு அகராதி தந்த சொல்லைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அதை விட்டுவிட்டு, ஷெல்லடிக்கு ஒளியும் பதுங்குகுழியை நினைத்து, 'பங்கருக்குள் படுத்திருப்பது போலிருக்கும், பெரிய சத்தம் கேட்கும். பயப்படுவீர்களா?' என்று எழுதினேன்.

முல்லைத்தீவிலிருந்து தீராத தலையிடியோடு வந்த ஓர் அம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறதா என்றதற்கு உடனே "இல்லை" என்றார். பங்கர் கேள்விக்கு மட்டும் தயங்கினார்.

"ஓம், பயம்தான். அதுக்குள்ளை இருக்கேக்கைதானே ஷெல் துண்டு தோளிலை பட்டது."

"இப்பவும் உள்ளுக்கோ? அம்மா, அந்த மெசின் பெரிய காந்தம். துண்டை இழுக்கும், சூடாக்கும். ஏன் இல்லையெண்டனீங்கள்?"

"காயமெண்டு எழுதின தாளோடை ஆமியின்ரை சோதனைச்சாவடி தாண்டேலுமோ, தம்பி? சண்டைக்குப் போனவளெண்டு பிடிச்சிடுவாங்கள்."

டாக்குத்தர் தோளை எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு, துண்டு இருப்பதைத் தாளில் எழுதாமல் கொழும்புக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் உலோகக் கேள்வியின் கீழே, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன்: 'இதற்கு விடை எழுத வேண்டாம். டாக்குத்தரின் காதில் சொல்லுங்கள்.'