காப்புக் கட்டியவன் பதுளைக்காரன்

திருவிழா வருகிறதென்று பெட்டியைத் திறந்து பட்டு வேட்டியை எடுத்தேன். பூச்சி உருண்டை மணம் குப்பென்று வந்தது. உங்களுக்கு அந்த மணம் வந்தால் கல்யாண வீடு ஞாபகம் வருமோ என்னவோ. எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனும் அவன் அப்பனும்தான் வருகிறார்கள். வேட்டியைக் கொடியில் போட்டு ஒரு பகல் முழுக்கக் காற்றாட விட்டேன். மணம் போகவில்லை, அந்த ஆள் ஞாபகமும் போகவில்லை. சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

நான் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு சரி. மாரியம்மன் கோயில் கமிட்டியில் மட்டும் விடாமல் இருந்தேன். படிக்காதவனுக்கு மரியாதை கிடைக்கிற இடம் அது ஒன்றுதானே. என் மகள் கோமதி டவுன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தாள். அம்மா கொழுந்து எடுக்க, மகள் தவளையைக் கிழித்துப் படிக்கிறாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள். அவளுக்கு டாக்டராக வேண்டும் என்ற ஒரே நினைப்பு. வேறு ஒன்றும் என்னிடம் கேட்டதில்லை அந்தப் பிள்ளை, ஒரு ரிப்பன் கூட.

அவள் பதினோராம் வகுப்பில் இருக்கும்போது கொழும்பிலிருந்து கட்டடம் கட்டும் கொந்தராத்துக்காரர் ஒருவர் வந்தார். கந்தசாமி முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருக்குப் பேர் முக்கியமில்லை, கார்தான் முக்கியம். டவுனில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார், மகனைக் கோமதியின் வகுப்பில் சேர்த்தார். கொழும்பில் இல்லாத பள்ளிக்கூடமா, இந்தப் பனியில் என்ன தேடி வந்தார் என்று நாங்கள் வெள்ளந்தியாகக் கேட்டுக்கொண்டோம். குளிர் உடம்புக்கு நல்லதாம். அப்படித்தான் சொன்னார்.

விஷயத்தைக் கோமதிதான் எனக்கு விளக்கினாள், கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு. கெம்பஸ், அதாவது பல்கலைக்கழக, இடங்களில் நூற்றுக்கு நாற்பது நாடு முழுக்க ஒரே வரிசையில், யார் கெட்டிக்காரனோ அவனுக்கு. அடுத்த ஐம்பத்தைந்து, மாவட்ட வாரியாக, சனத்தொகை அளவுக்குப் பிரித்து. மீதி ஐந்து, பள்ளிக்கூட வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மட்டும். எங்கள் பதுளை அதில் ஒன்று, மொனராகலையும் ஒன்று. பாடத்துக்குப் பாடம் கஷ்டம் வேறுபடும் என்பதால் மார்க்கை அப்படியே கூட்டாமல், சராசரியிலிருந்து எவ்வளவு மேலே என்று கணக்குப் பார்த்து இசட் புள்ளி போடுவார்களாம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வெட்டுப்புள்ளி, அதற்குக் கீழே இருந்தால் இடமில்லை. மருத்துவத்துக்குக் கொழும்பின் வெட்டுப்புள்ளி உயரம், பதுளையினுடையது கொஞ்சம் தாழ்வு. பரீட்சைக்கு முந்தின மூன்று வருஷம் எந்த மாவட்டத்தில் படித்தாயோ அந்த மாவட்டத்துப் பிள்ளை நீ.

"அப்ப அந்தப் பையன்?" என்றேன்.

"அவன் பதுளைப் புள்ளையாகத்தான் வந்திருக்கான்ப்பா" என்றாள். "ஆனா அவன் வர்ற அன்னிக்கு வகுப்பே பெட்டி தெறந்த மாதிரி மணக்குது. உடுப்பைப் பூச்சி உருண்டை போட்டு வச்சிருப்பாங்க போல."

மாதத்தில் ஓரிரு தடவைதான் அந்த மணம் வரும். மற்ற நாளெல்லாம் பையன் கொழும்பில் பேர்பெற்ற மாஸ்டரிடம் டியூசன். வரவு இடாப்பில் மட்டும் அவன் ஒரு நாள் தவறாமல் பள்ளிக்கூடம் வந்த உத்தமன். பள்ளிக்கூட அதிபர் ஏன் கண்டுகொள்ளவில்லை என்று கேட்கிறீர்களா? பள்ளிக்கூடத்துக்குப் புதுத் தகரக்கூரை வந்திருந்தது. கூரைக்குக் கீழே நின்றுகொண்டு எப்படிக் கூரை கொடுத்தவரைக் கேட்பது.

எங்கள் ஆட்களின் பிறவிக் குணத்தைச் சொல்ல வேண்டும். கார் வந்தால் வழிவிடுவோம். அதற்காகவே ரோட்டோரம் பிறந்தவர்கள் மாதிரி. தோட்டத் துரை போனார், கங்காணி போனார், பழக்கம் போகவில்லை. கமிட்டியில் சிலர் முதலாளியைத் திருவிழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள்.

உயர்தரப் பரீட்சை வருஷம் அது. யாரோ ஒரு தகப்பன் வலயக் கல்விக் காரியாலயத்துக்கு முறைப்பாடு போட்டுவிட்டான், விசாரணை வரப்போகிறது என்ற பேச்சு. முதலாளி கோயிலுக்கு வந்தார். கிராம சேவகரின் வதிவிடச் சான்று இருக்கிறது, வாக்காளர் இடாப்பிலும் பேரை இந்தப் பக்கம் மாற்றிவிட்டார். ஆனாலும் இந்த ஊர்க் குடும்பம் என்று கோயிலும் ஒரு கடிதம் தந்தால் பலமாக இருக்குமாம். கமிட்டிக்காரர்கள் பேனாவைத் தேடினார்கள்.

நான் சொன்னேன், "கடிதம் எதுக்குங்க முதலாளி, தம்பிக்குக் காப்புக் கட்டிருங்க. ஊர்க்காரன்னு அம்மாளே சொல்லிருவா."

காப்பு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துக் கையில் கட்டினால், தேர் திரும்பி மஞ்சள் நீராட்டு முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கோயிலுக்குக் கீழே ரோடு வளைகிற இடத்தில் ஒரு எல்லைக் கல், எலுமிச்சம்பழம் அறுத்து வைக்கிற கல். என் தகப்பனுக்குத் தம்பி ஒருத்தர் காப்போடு இருக்கும்போது பதுளை ஆஸ்பத்திரியில் அவருடைய மாமியார் செத்துப்போனார். மனுஷன் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றே அழுதார். அவருக்கு மாமியாரைப் பிடிக்காது என்றும் ஒரு பேச்சு உண்டு, அது வேறு கதை.

முதலாளி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். நூல்தானே. பூசாரி பையனுக்குக் கட்டினார். பையன் கும்பிட்டான், பாவம், நல்ல முகம். மூன்றாம் நாள் பாற்குடத்துக்கு அவனைக் காணவில்லை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் என்றால் அம்மாள் விபூதி கொண்டுபோக வேண்டுமே என்று நானே டவுனுக்குப் போனேன். எல்லைக்குள்தான் அந்த வீடு. கதவில் பூட்டு. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே கட்டில் இல்லை, அடுப்பு இல்லை. ஆணியில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் இஸ்திரி குலையாமல் தொங்கின. மூன்று வருஷமாகப் பதுளை மாவட்டத்தில் குடியிருந்தது அந்தச் சட்டைதான். சட்டைக்கு மருத்துவ பீடம் கொடுத்திருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஜன்னல் வழியே அந்த மணம் வந்து என் கையிலிருந்த விபூதி மணத்தை மூடியது.

கடிதம் கொடுக்கக்கூடாது என்று கமிட்டியில் நின்றேன். கொடுக்கவில்லை. அதுதான் என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே கேஸ். முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "பெரியவரே, அம்மன் கடிதம் இல்லாட்டி என்ன, அதிபர் கடிதம் போதும்."

விசாரணைக்கு வந்த அதிகாரி அதிபர் அறையில் டீ குடித்தார், இடாப்பைப் பார்த்தார், வதிவிடச் சான்றைப் பார்த்தார். வாசலில் நின்று நான் காப்பு விஷயத்தைச் சொன்னேன். மஞ்சள் நூல் சாட்சியம் ஆகாது ஐயா என்றார், பல்லில் பிஸ்கட்டோடு. அந்தப் பூட்டிய வீட்டைப் பார்க்க வாங்க என்றேன். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அம்மாளுக்குத் தெரியும், பூட்டுக்குத் தெரியும், ஆகவே அரசாங்கத்துக்கும் தெரியும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். கையெழுத்துப் போட்டு ஒரு முறைப்பாடு கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. படிக்காதவன் புத்தி.

வெட்டுப்புள்ளி வந்தது. பையன் பதுளைக் கோட்டாவில் மருத்துவத்துக்குத் தெரிவானான். கோமதி மயிரிழையில் கீழே.

பண்டாரவளையில் ஹமீட் லோயரிடம் போனோம். நல்ல மனுஷர். கோமதியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். சமத்துவம் என்றால் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்துவது இல்லை. ஒரே நிலைமையில் இருப்பவர்களை ஒரே மாதிரி நடத்துவது. கொழும்புப் பிள்ளையும் பதுளைப் பிள்ளையும் ஒரே வசதியில் படிக்கவில்லை, அதனால் பிரிக்கலாம். அந்தப் பிரிப்புக்கும் அதன் நோக்கத்துக்கும் நியாயமான சம்பந்தம் இருந்தால் நீதிமன்றம் கை வைக்காது. இது மட்டும் கேட்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"ஆனா மகள்," என்றார், "பிரிச்சது மாவட்டத்தை. லயத்தையில்ல. பெண்கள், சிறுவர், அங்கவீனர், இந்த மூணு பேருக்கும் விசேஷ ஏற்பாடு செய்யலாம்னு அரசியலமைப்பு பேர் சொல்லியே சொல்லுது. தோட்டத்துப் புள்ளன்னு பேர் சொல்லி ஒரு வரியும் இல்ல. செய்யக்கூடாதுன்னும் இல்ல, செய்ய யாருக்கும் அவசரமும் இல்ல."

பதுளை டவுனில் பங்களா வைத்திருப்பவன் பிள்ளையும் என் பிள்ளையும் சட்டத்துக்கு ஒரே பின்தங்கல். அடிப்படை உரிமை மனு போடுவதென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அவன் இங்கே படிக்கவில்லை என்று நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும், அதிபர் கையெழுத்து படித்தான் என்கிறது. பொய் என்று நிரூபித்தால் அவன் இடம் இரத்தாகும். ஆனால் அந்த இடம் கோமதிக்கே வரும் என்றில்லை, நடுவில் வேறு பிள்ளைகள் இருக்கலாம்.

"சாட்சி சொல்ல வகுப்புல யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டார்.

எங்கள் ஆட்களில் ஒருத்தனும் வரவில்லை. கூரை முதலாளி கொடுத்தது, தேர்த் திருவிழாவுக்குத் தலைமையும் அவர். நான் ஒவ்வொரு கதவாகப் போய் நின்ற கதையை எழுதினால் எனக்கே வாந்தி வரும், விடுங்கள். அந்த ஒரு மாதம் அப்படியே போனது.

கோமதி இரண்டாம் தரமும் எழுதினாள், இன்னும் மயிரிழை. பிறகு தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்க மலையகப் பிள்ளைகளை மட்டும் எடுக்கிறோம் என்று அரசாங்க வர்த்தமானியில் அறிவித்தல் வந்தது. மேடை போட்டு மாலை போட்டு நியமனக் கடிதம் கொடுத்தார்கள். ஆசிரியர் இல்லை, உதவி ஆசிரியர். சம்பளம் இல்லை, கொடுப்பனவு. பயிற்சி முடித்தால்தான் ஆசிரியர். ஒதுக்கீடு என்று எங்களுக்குக் கொடுத்தால் அதன் தலையில் 'உதவி' என்று ஒரு சொல்லை வைத்தே கொடுப்பார்கள். அந்த வேலைக்கு நடந்த நேர்முகத்துக்கும் தோட்டத்து விலாசம் வாங்கிக்கொண்டு தோட்டத்தை பஸ் ஜன்னலில் மட்டும் பார்த்தவர்கள் வந்திருந்தார்களாம். இவள் நகத்தில் தேயிலைக் கறையோடு போனாள். தோட்டத்துப் பிள்ளைதானா என்று அவளிடம்தான் இரண்டு கடிதம் கேட்டார்கள்.

இப்போது பயிற்சி முடித்து ஆசிரியர் ஆகிவிட்டாள். விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். பையன் கொழும்பில் டாக்டர். பதுளைக் கோட்டாவில் படித்தவன் பதுளைக்கு ஒரு நாளும் வந்ததில்லை. நல்லாயிருக்கட்டும், அம்மாள் பார்த்துக்கொள்வாள். அவனை நான் சபிக்கவில்லை. அவன் அப்பனுக்காகப் பிரார்த்திக்கும் அளவுக்கு எனக்குப் பக்தி போதாது.

அவர்தான் இப்போது திருவிழாத் தலைவர். கோயில் முன்றலுக்கு அவர் தயவில் கல் பதித்திருக்கிறார்கள். இந்த வருஷம் கமிட்டி புதுத் தீர்மானம் போட்டது: காப்புக் கட்டியவர்கள் தொழில் நிமித்தம் வெளியூர் போய்வரலாம். அதைக் கமிட்டித் தம்பி ஒருத்தன் வாசித்தபோது எல்லாரும் தலையாட்டினார்கள். கார் வந்தால் வழிவிடுகிறவர்கள்தானே. பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து கோமதியின் குரல் மட்டும் கேட்டது:

"அப்ப காப்பு எதுக்குண்ணே? இடாப்புல வந்தான்னு ஒரு புள்ளடி போட்டா போதுமே."

சிலர் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

நேற்று நான் காப்புக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒரு எலுமிச்சம்பழத்தோடு ரோட்டு வளைவுக்கு இறங்கினேன். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் தேடினேன். எல்லைக் கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் முதலாளியின் கார் நின்றது.