நான் லீவில் இல்லை

வருகை டொக்டர்களின் பெனலை விட்டு விலகுகிறேன் என்று ஒரு மாத நோட்டீஸ் கொடுத்த அன்று, ரத்தினபுரி தனியார் ஆஸ்பத்திரியின் முகாமையாளர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். நாலு வருஷமாக அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் இருதய நோயாளிகளைப் பார்க்கிறேன். ஒரு கோப்பை தேநீர் வந்ததில்லை. வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, இந்த மனுஷனுக்கு என்னிடம் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

"டொக்டர், நோயாளிகளுக்கு ஒண்டும் சொல்ல வேணாம். நாங்க பார்த்துக்கொள்றோம்" என்றார். அவர் சிங்களவர். என்னோடு பேச ஆங்கிலமும் சிங்களமும் கலப்பார், சங்கடமான விஷயங்களுக்கு மட்டும் அரைகுறைத் தமிழ்.

நான் கொழும்பிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிற ஆள். ஆனால் பிறந்தது நிவித்திகல பக்கத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். அதனால் எனக்குத் தெரியும், றக்வானை மலையிலிருந்து இறங்கும் பஸ் ஒரு லொறிக்கு வழிவிட்டு நின்றால் அன்றைய கணக்கே போச்சு. ஆஸ்பத்திரி புதிதாக ஒரு சட்டம் போட்டது: நம்பர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த நம்பர் செத்தது, இன்னொரு நாள் வா. என் கண் முன்னால் ஒரு கிழவரைத் திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் நின்றே வந்த மனுஷன். சண்டை போட்டேன், சட்டம் மாறாது என்றார்கள். அப்படியென்றால் நான் மாறிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் ஒரு துளி கிடையாது.

ஆனால் டொக்டர் பெனலை விட்டுப் போவது கடைக்காரர் கடையை மாற்றுவது போல அல்ல. என் நோயாளி யார் கையில் போய்ச் சேருகிறார், அடுத்த சோதனை எங்கே, மாத்திரையை யார் எழுதுவார் என்று ஏற்பாடு செய்யாமல் நடையைக் கட்டக் கூடாது. நோட்டீஸ் மாதம் இருப்பதே அதற்குத்தான். எனக்குப் பதிலாக வரப்போகிற இளம் டொக்டரைப் பற்றி விசாரித்தேன், நல்லவர், கெட்டிக்காரர். பெரும்பாலானவர்களை அவரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் நெஞ்சில் உலோக வால்வு வைத்தவர்கள் வேறு கதை. அவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை விழுங்கவேண்டும், ரத்தம் எந்த அளவில் இருக்கிறது என்று ஐ.என்.ஆர். சோதனை பார்த்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். ஒரு ஞாயிறு டொக்டர் வராவிட்டால் அவர்கள் கதி என்ன? அதனால் அவர்களை அரசாங்க ஆஸ்பத்திரி இருதய கிளினிக்குக்குக் கடிதத்தோடு அனுப்புவதாக முடிவு செய்தேன். அங்கே ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் இருப்பார்.

முகாமையாளரின் தேநீர் அங்கேதான் கசந்தது. "எங்க நோயாளிகளை வெளியே அனுப்ப ஏலாது, டொக்டர்."

"உங்க நோயாளியா? நோயாளி என்ன உங்க கட்டிலா, மேசையா? அவங்க அவங்களுக்குச் சொந்தம்" என்றேன். தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன்.

முதல் ஞாயிறு, வந்த எல்லோருக்கும் என் வாயாலேயே சொன்னேன். கடிதம் எழுதிக் கொடுத்தேன். சிலர் கண்கலங்கினார்கள், ஒருத்தர் கோபித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார். எல்லாம் சரிதான். சொல்லிக்கொண்டு போகிறவளோடு கோபப்படலாம், சொல்லாமல் போனவளோடு எப்படிக் கோபப்படுவது?

இரண்டாம் ஞாயிறு வந்தபோது வெளிவாசல் பெஞ்சு காலி. மழைகூட இல்லை. என் நோயாளிகள் ஒருத்தரையும் காணோம். கவுன்டரில் இருந்த பெண்ணைப் பார்த்தேன். நங்கி, சிங்களத்தில் தங்கை, என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நங்கி, என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"டொக்டர் லீவு, அடுத்த மாசம் எடுங்க என்று சொல்லச் சொன்னாங்க, டொக்டர்." அவள் குரல் தேய்ந்துபோயிற்று. "எனக்கு வேற வழி இல்ல."

அடுத்த மாதம் நான் இருக்கமாட்டேன். என் அறையில், என் நேரத்தில், புது டொக்டர் உட்கார்ந்திருப்பார். ஆட்கள் வந்த பிறகு யார் திரும்பிப் போகப் போகிறார்கள் என்பது கணக்கு. அடப்பாவிகளா! நான் உயிரோடு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, இதே வாசலில் நிற்கிறேன். எனக்கு லீவு கொடுத்தது யார்?

கோபம் ஒரு பக்கம். பயம்தான் அதைவிடப் பெரிது. அன்று வரவேண்டியவர்களில் றக்வானை மலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கொழுந்து பறிப்பவள், சின்ன வயசு. நெஞ்சின் இடப்பக்கத்து வால்வு உலோகம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டொக்டர் லீவு என்றால் வேறு டொக்டரிடம் போகமாட்டார்கள். கைராசி என்பார்கள். அந்தக் கை திரும்பி வரும்வரை இருக்கிற மாத்திரையை நீட்டிக்கொள்வார்கள். ஒன்றுக்குப் பாதி, பாதிக்குக் கால். எங்கள் வீட்டிலும் அந்த வித்தை நடந்தது. என் அம்மா மூச்சிழுப்பு மாத்திரையைப் பிளேடால் அறுத்துப் பாதியைத் தாளில் மடித்து வைப்பாள். இழுப்புக்காரியான அம்மா எப்படியோ தப்பினாள். வால்வுக்காரி தப்பமாட்டாள். வால்வில் ரத்தம் கட்டினால் வால்வு அடைபடும், இல்லையென்றால் கட்டி மூளைக்கு ஓடும்.

"நங்கி, எழும்புங்க. அந்த நாற்காலியைக் கொஞ்சம் தாங்க" என்றேன்.

கவுன்டரில் நான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரித் தொலைபேசியை எடுத்தேன். அவள் கம்ப்யூட்டரில் அன்று வரவேண்டியவர்களின் எண்களைக் காட்ட, ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். "நான் டொக்டர்தான் பேசுறேன். லீவுமில்ல ஒண்ணுமில்ல, இங்கதான் இருக்கேன். ஆனா மாசக் கடைசியோட போறேன். வந்து பேசிட்டுப் போங்க." தமிழருக்குத் தமிழில், சிங்களவருக்குச் சிங்களத்தில். வரிசையில் நின்ற வேறு டொக்டர்களின் நோயாளிகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

முகாமையாளர் ஓடி வந்தார். "டொக்டர், இது நீங்க செய்ற வேலை இல்ல."

"நோயாளிகிட்ட உண்மையைச் சொல்றது யார் வேலை? உங்க வேலையா இருந்தா செஞ்சிருப்பீங்களே!"

வால்வுக்காரப் பெண்ணின் எண் மூன்றாம் தடவையில்தான் கிடைத்தது.

"டொக்டரம்மாவா? ஐயையோ, நீங்க லீவுன்னாங்களே! திங்கக்கெழம போன் பண்ணுனப்பவே சொல்லிட்டாங்க."

"மாத்திரை முழுசாத்தானே போடுற?"

"பாதி பாதியாத்தான் போடுறேன், டொக்டரம்மா. நீங்க வர்ற வரைக்கும் மாத்திர காணணுமேன்னு."

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். அவள் அழுதாள். "அழுறத ஆட்டோல ஏறி அழு. இப்பவே கெளம்பு. காலு கை மரத்துப்போறது, பேச்சு கொளர்றது ஏதாச்சும் இருக்கா? மூச்சு வாங்குதா?" இல்லை என்றாள். அவளும் புருஷனும் ஆட்டோவில் வந்து இறங்கும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். டிக், டிக், டிக். தெளிவாகக் கேட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். எக்கோ ஸ்கேன் பார்த்தேன், வால்வு சரியாகத் திறந்து மூடியது. ஆனால் ரத்தம் இருக்கவேண்டிய அளவில் இல்லை, ஐ.என்.ஆர். நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. வார்ஃபரின் மறுபடி பிடிக்க நாளாகும், அதுவரை ஊசியில் ஹெபரின் போடவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுக்குப் பேசி, கடிதம் எழுதி அன்றே சேர்த்தேன். போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க கைதான் எனக்கு ராசி, டொக்டரம்மா. வேற யார்கிட்டயும் போமாட்டேன்."

"என் கையில என்னடி ராசி இருக்கு? நீ நாள் தவறாம முழுங்குன மாத்திரைதான் ராசி. அதையும் பாதியாக்கிட்டு என் கையப் புடிச்சு என்ன புண்ணியம்?"

அவளை அனுப்பிவிட்டு நேரே முகாமையாளர் அறைக்குப் போனேன். உட்காரவில்லை. எனது கடைசிக் கிளினிக் எப்போது, பிறகு பார்க்கப்போவது யார், வால்வு நோயாளிகள் எங்கே போகவேண்டும் என்று வாசலில் அறிவித்தல் ஒட்டுங்கள், கேட்கிறவர்களுக்கு நங்கி அதையே சொல்லட்டும், கடைசி ஞாயிறு புது டொக்டர் என் பக்கத்தில் உட்காரட்டும் என்றேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார். "யோசிங்க. அந்தப் பொண்ணு இப்ப எந்த வார்டுல, ஏன் இருக்குறான்னு எழுதிக் கொண்டுவரவா? அதையும் சேர்த்து யோசிக்கலாம்" என்றேன். அவர் யோசித்து முடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சிங்களத்தில், ஆங்கிலத்தில். எங்கள் ஆட்களுக்காகத்தான் இத்தனை ரகளையும், அவர்கள் படிக்கிற எழுத்தைக் காணோம்! நங்கியிடம் மார்க்கர் வாங்கி அதன் அடியிலேயே கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினேன். காவலாளி பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனே தாள் நழுவாமல் பிடித்துக் கொடுத்தான்.

கடைசி ஞாயிறு புது டொக்டர் வந்தார். ஒப்படைக்க ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தார்களாம், பாவம். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்தினேன். மருந்துச் சீட்டை அவர் எழுதினார், நான் வாங்கி என் கையால் நோயாளியிடம் கொடுத்தேன். கைராசிக்காரர்களுக்கு அதுதான் வைத்தியம். பஸ் பிந்தியவர்களுக்காக நான் காத்திருந்ததையும் அவர் பார்த்தார். நம்பர் செத்த ஒரு அம்மாவைத் தானே வாசலுக்குப் போய் அழைத்து வந்தார். எனக்கு மனசு நிறைந்தது.

வார்டிலிருந்து வந்துவிட்டிருந்த அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். அவளுக்கு அரசாங்க கிளினிக்கின் நாளைச் சொல்லி, கடிதத்தின் மூலையில் என் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். முகம் சுருங்கியது.

"அது வேல நாளு, டொக்டரம்மா. அன்னைக்குப் பேரு விழாது." தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அதற்கான சம்பளம். அதற்குப் பயந்துதானே இவர்கள் ஞாயிறு பார்த்து என்னிடம் வந்தார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. "ஆமா, விழாது. நான் பொய் சொல்லமாட்டேன்" என்றேன். அவள் கடிதத்தை மடித்துச் சேலைக்குள் சொருகிக்கொண்டு போனாள். போவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று கொழும்புக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்பு.

கிளினிக் நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. பின்னால் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

"போயிட்டு வந்துட்டேன், டொக்டரம்மா. ரத்தம் சரியா இருக்காம். முழு மாத்திரைதான் போடுறேன்."

"தோட்டத்துல ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லாம? காலைலயே கணக்கப்பிள்ள ஐயா, மாசாமாசம் இப்படிப் போனா எப்புடி, பேரு கெடையாதுன்னு கத்துனாரு. கிட்டப் போயி நின்னேன். ஐயா, என் நெஞ்சுல டிக் டிக்குங்குதே, கேக்குதா? இது நின்னு போனா எனக்கு எந்த நாளைக்குப் பேரு போடுவீங்கன்னு கேட்டேன். பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்."