ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே

கிழமைப் பாட்டில் எனக்கும் பள்ளித் தாளாளர் அம்மாவுக்கும் சண்டை வரவில்லை. சண்டே என்றால் ஞாயிறு, மண்டே என்றால் திங்கள். ஒரு வரிசை ஆங்கிலத்தில் சொல்ல, எதிர் வரிசை தமிழில் சொல்லிக் கைதட்டும். என் யூகேஜி பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த ருசியில்தான் அம்மா மாதப் பாட்டையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார். 'ஜனவரி சித்திரை, பிப்ரவரி வைகாசி.' பெற்றோர் தின மேடைக்கு.

"ஒண்ணுக்கு ஒண்ணு ஜோடி போட்டா சித்திரை ஜனவரியில வருதுங்க. ஆடி ஏப்ரல்ல வருது," என்றேன்.

"வரிசை தெரிஞ்சா போதும் மிஸ். சின்னப் பிள்ளைங்க, எதுல வந்தா என்ன?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆடிக் கிருத்திகைக்குத் தெருவெல்லாம் காவடியாகப் போகிற ஊர் திருத்தணி. இங்கே நின்றுகொண்டு ஆடியை ஏப்ரலில் தள்ள நான் யார்?

"நான் சொல்லிக் குடுக்க மாட்டேங்க."

"சொல்லிக் குடுக்கலைன்னா வேற எடம் பார்த்துக்குங்க."

வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மறுநாளே பன்னிரண்டு பிள்ளைகளை ஆங்கில மாதங்களாக வட்டமாக நிறுத்தினேன். ஒவ்வொரு இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தமிழ் மாதமாக இன்னொரு பிள்ளை. ஏப்ரல் ஒரு கையையும் மே மறு கையையும் பிடித்துக்கொள்ள, சித்திரை நின்றது. ஜனவரியிலிருந்து ஒரு சுற்று ஆங்கிலம். சித்திரையிலிருந்து ஒரு சுற்று தமிழ். யார் எங்கே ஆரம்பித்தாலும் வட்டம் ஒன்றுதான்.

ஆடியாக நின்றது ஒரு வாயாடிப் பெண். அப்பா பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறவர்.

மேடையிலும் அதையே ஆடவைத்தேன். முன்வரிசையில் அம்மா முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். சித்திரை, வைகாசி, ஆனி என்று சுற்று வந்தது. இவள் தொண்டை கிழிய "ஆடி!" என்றதும் பின்னாலிருந்து யாரோ "அரோகரா" என்றார்கள். அவ்வளவுதான், கூடமே "அரோகரா" என்றது. பிள்ளைகள் மிரண்டு நின்று, பிறகு ஆவணியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் அம்மா கூப்பிட்டார். "நான் சொன்னது என்ன, நீங்க செஞ்சது என்ன?"

"நீங்க சொன்னது தப்புங்க. அதான் செய்யல."

வேலை போயிற்று. போகட்டும். இரண்டு மாதம் வாடகைக்கு அல்லாடினேன், பொய் சொல்லமாட்டேன். இப்போது கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்குப் பஸ்ஸில் போகிறேன். அங்கேயும் அதே வட்டம்தான்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்த வாயாடி அவள் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மறு கையால் அம்மாவைப் பிடித்தாள்.

"அம்மா, நீ ஜூலை. மிஸ்ஸு ஆகஸ்ட்டு," என்றாள். "கைய வுடாதீங்க. நான் ஆடி."