செடிக்கடைக்கு ஒரே குரல்

"உங்க பேஜ யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, தெரியுமா?"

செண்டாயானிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் இப்படிக் கேட்டபோது நான் கறிவேப்பிலைக் கன்றுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்களிடம் வாங்கிய கன்று வாடிவிட்டதென்று அவர் முதல் நாள் புகார் அனுப்பியிருந்தார். காலையில் எங்கள் கடையின் இணையப் பக்கத்திலிருந்து போன பதில்: "அட என்னா மச்சி, தண்ணி ஊத்த மறந்துட்டியா லா? டோன்ட் வொரி, புதுசு வருது!" மாலையில் அதே பக்கத்திலிருந்து: "தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு வருகிறது. தங்கள் முகவரியை அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டும் ஒரே கடையா என்று பயந்துபோய் முகவரியைத் தர மறுத்துவிட்டார் அந்த அம்மா. "இப்ப எங்க பாத்தாலும் ஸ்காம். நான் எப்படி நம்புறது?"

அவர் சொன்னது சரிதான். யாரும் ஹேக் செய்யவில்லை. நாங்கள் மூன்று பேர் எழுதுகிறோம், அவ்வளவுதான். ஆனால் வாசிப்பவர் கண்ணுக்கு அது ஒரு கடையாகத் தெரியவில்லை. எங்களுக்கு ஒரு கையேடு வேண்டும் என்று அந்த நிமிடம்தான் தோன்றியது. டிப்ளோமாவில் "பிராண்ட் குரல்" என்று ஒரு பாடம் முழுக்கப் படித்தவள் நான். லேபிளைக் கீழே வைத்துவிட்டு அக்காவிடம் ஓடினேன்.

கடை ரெம்பாவ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. நான் அக்கா என்று கூப்பிடும் முதலாளிதான் அதை நடத்துகிறார். முப்பத்தெட்டு வயது, விடியற்காலையிலிருந்து கையில் குழாயோடு நிற்பவர். அந்த 'மச்சி' பதிலை எழுதியது அவருடைய கொழுந்தன்; கன்றுகளை லாரியில் கொண்டுபோய்க் கொடுப்பவர், நாங்கள் லாரி அண்ணன் என்போம். 'பணிவுடன்' எழுதியது தெமியாங்கில் குடியிருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்து டீச்சர் ஒருவர், அக்காவின் தோழி, பள்ளி முடிந்ததும் உதவுபவர். மூன்றாவது ஆள் நான்.

போன் விஷயத்தைக் கேட்ட அக்கா குழாயை மூடினார்.

"ரெண்டு வாரம் தர்றேன். அதுக்குள்ள மூணு பேரும் ஒரே ஆளு மாதிரி எழுதணும். முடியலன்னா பாஸ்வேர்ட மாத்திட்டு நானே எழுதிக்கிறேன்."

"அக்கா, உங்களுக்கு நேரமே இல்லையே."

"இல்லதான். அப்ப பக்கம் தூங்கட்டும். ஜனங்க பயந்து ஓடுறதவிட அது மேல்."

கோலாலம்பூருக்கு வேலை தேடிப் போகாமல் இங்கே தங்கியதே அந்தப் பக்கத்துக்காகத்தான். பக்கம் தூங்கினால் எனக்கு இங்கே லேபிள் ஒட்டுவதைத் தவிர வேலை இல்லை.

மூன்றே நாளில் கையேடு எழுதி முடித்தேன். பன்னிரண்டு பக்கம், அட்டைப்படத்தோடு. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில்: "நம் குரல் அன்பானது. நம்பகமானது. குறும்பானது." பார்த்துப் பார்த்து ரசித்தேன்.

எல்லாரும் படித்த பிறகு ஒரு சோதனை வைத்தேன். நேற்று வந்த மல்லிகைச் செடி காய்ந்துவிட்டது என்று ஒருவர் எழுதினால் என்ன பதில் சொல்வீர்கள்? லாரி அண்ணன் மூன்று சிரிப்பு இமோஜியோடு, "பாஸ், மல்லிக்கு உங்கள புடிக்கலயோ?" என்று எழுதினார். டீச்சர், "தங்கள் மல்லிகையின் நிலை எம்மை மிகவும் வருந்தச் செய்கிறது" என்று எழுதினார். என்னுடையது ஏதோ வங்கி விளம்பரம் மாதிரி இருந்தது.

"அண்ணே, குறும்புன்னா இதுவா?"

"பின்ன? நீதான எழுதின, குறும்புன்னு."

"நான் அன்பைத்தான் பின்பற்றினேன்" என்றார் டீச்சர், கொஞ்சம் புண்பட்ட குரலில். "மரியாதை இல்லாத அன்பு உண்டோ?"

இருவரும் என் கையேட்டை மீறவில்லை. அதுதான் என்னை அடித்துப்போட்டது. 'அன்பு' என்று எழுதினால் ஒவ்வொருவரும் தன் வீட்டு அன்பைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சந்தையில் கடை போடுவார். அவர் அனுமதியோடு அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்தேன், வாடிக்கையாளர்களிடமும் கேட்டுக்கொண்டேன். செத்த செடியைப் பையோடு தூக்கிக்கொண்டு ஒருவர் கோபமாக வந்தார். அக்கா மன்னிப்பும் கேட்கவில்லை, கிண்டலும் பண்ணவில்லை.

"வீட்டுல வெயில் எந்தப் பக்கம் படுது? சரி, இது வேர்ல தண்ணி தேங்கிருச்சு. செவ்வாக்கிழம வேற குடுத்து அனுப்புறேன். சட்டிக்கு அடியில ஓட்ட இருக்கான்னு மட்டும் பாருங்க."

வந்தவர் பாதிக் கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு ஒரு பச்சைமிளகாய்க் கன்றும் வாங்கிப் போனார்.

வீட்டில் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். யாரிடமானாலும் அக்கா முதலில் ஒரு கேள்வி கேட்கிறார். அப்புறம் காரணம், அப்புறம் எந்த நாளில் என்ன செய்வார் என்பது. யார் தப்பு என்ற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் 'நீங்க'. எதிரில் இருப்பவர் 'அக்கா' என்றோ 'தங்கச்சி' என்றோ கூப்பிட்ட பிறகுதான் இவரும் உறவுமுறை சொல்கிறார். இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் நான் ஒருவரை முதல் மெசேஜிலேயே 'ஆன்ட்டி' என்று அழைக்க, அவர், "எனக்கு இருபத்தேழு" என்று பதில் போட்டிருந்தார்.

பன்னிரண்டு பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். இம்முறை குணங்களின் பெயர்களே இல்லை. 'இப்படிச் சொல்வோம்', 'இப்படிச் சொல்ல மாட்டோம்' என்று ஜோடி ஜோடியாக அக்காவின் வாக்கியங்கள். ஆள் மாறமாட்டார், நேரத்துக்கேற்ப அவர் முகம் மாறும் என்று ஒரு பகுதி: புதுச் செடி வந்தால் நம் ஊர்ப் பேச்சு மாதிரி வாக்கியக் கடைசியில் 'லா' போடலாம், ஒரு இமோஜி போதும், புகாருக்கும் துக்க வீட்டுக்குப் போகும் பூச்செடிக்கும் இரண்டுமே கூடாது. கடைசியில், தெரியாத கேள்விக்கு ஊகித்து எழுதாமல் அக்காவிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு வரி.

"ஒரு இமோஜியா? ஜெயிலு மாதிரி இருக்கே" என்றார் லாரி அண்ணன்.

"பக்கத்துல போடுற வீடியோல நீங்க உங்க மாதிரியே பேசுங்கண்ணே. கீழ எழுதுறதுதான் கடையோடது."

"அப்ப சரி லா."

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து 'தங்கள்' எல்லாவற்றையும் தானே அடித்தார். முகத்தில் வலி தெரிந்தது. ஆனால் நான் யோசிக்காத ஜோடி ஒன்றையும் சேர்த்தார்: "'பார்க்கலாம்' எண்டு எழுதாதேங்கோ. நாளைச் சொல்லுங்கோ."

கெடு முடியும் நாள் வந்தது. நாங்கள் பார்த்திராத புகார் ஒன்றை அக்காவே சொன்னார். ரோஜாவில் பூ வரவில்லை. மூன்று பேரும் தனித்தனியாகப் பதில் எழுதினோம். பெயரில்லாமல் அச்சடித்து அவர் முன் வைத்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். முதல் தாளை எடுத்தார்.

"இது டீச்சர்."

அது லாரி அண்ணனுடையது. அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் சிமெண்டுத் தொட்டிப் பக்கம் மேய்ந்த கோழிகள் பறந்தன. மற்ற இரண்டையும் அக்கா மாற்றித்தான் சொன்னார்.

"மூணுமே நான் எழுதுன மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "பாஸ்வேர்ட் அப்படியே இருக்கட்டும், பாப்பா."

மறுநாளே செண்டாயான் அம்மாவுக்கு எழுதினோம். கன்று எந்த ஜன்னலோரம் இருந்தது என்று காலையில் நான் கேட்டேன். சாயங்காலம் டீச்சர் காரணத்தைச் சொல்லி வியாழக்கிழமை என்று நாள் குறித்தார். அந்த அம்மா முகவரியை அனுப்பினார்.

இப்போது எங்களுக்கு வரும் மெசேஜ்களில் பாதி மலாயில் வருகின்றன. நான் பள்ளிப் பாடநூல் மலாயில் பதில் சொல்கிறேன், கன்று பொட்டலம் கட்டப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ரெம்பாவ் மலாய்ப் பெண் அதைப் படித்துவிட்டு, "அரசாங்கக் கடிதமா இது?" என்று கேட்கிறாள். அக்காவின் வாக்கியங்களை அப்படியே மொழிபெயர்த்தால் நடக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். வரும் ஞாயிறு அவளைச் சந்தைக் கடையில் மலாய் வாடிக்கையாளர்களோடு பேச வைத்துப் பதிவு செய்யப் போகிறேன். அவளுடைய ஊர்ப்பேச்சை எவ்வளவு எழுதலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவளும் நானும் உட்கார்ந்து, ஜோடி ஜோடியாக, முதல் வரியிலிருந்து எழுதிப் பார்க்கப் போகிறோம்.