முன்கூட்டியே வந்த படிவம்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் தலைவருக்குத் ‘தேதி சார்’ என்று பெயர் வைத்தது நான்தான். மூடி திறந்த புட்டி எதுவானாலும் அன்றைய தேதியை ஒட்டிவிடுவார். சொந்தத் தேன் பாட்டிலுக்கும் அதே மரியாதை. வயது நாற்பத்தாறு. கல்யாணப் பேச்சை எடுத்தால் காது கேட்காது. அவருடைய அக்கா போனில் என்னிடம் புலம்பிப் புலம்பி ஓய்ந்துவிட்டார்.

நான் மனிதவளப் பிரிவு. பத்து வருடமாக ஊர் வம்பைத் தீர்த்துத் தீர்த்து என் வாய்க்குப் பூட்டில்லாமல் போய்விட்டது.

ஒரு நாள் காலையில் சார் வந்து ஒரு படிவத்தை நீட்டினார். சொந்தக்காரரோ மனதுக்கு வேண்டியவரோ நமக்குக் கீழே வேலை பார்த்தால், அவர்களைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதற்கு முன்பே நிர்வாகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதற்கான படிவம் அது. தன்கீழ் இருக்கும் கிருமி ஆய்வாளர் அம்மாவைக் குறிப்பிட்டிருந்தார். அடுத்த வாரம் அந்த அம்மாவின் ஆண்டு மதிப்பீட்டை இவர்தான் எழுத வேண்டும். பதவி உயர்வே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“இன்னும் ஒண்ணும் இல்லை. அவங்களுக்கே தெரியாது,” என்றார்.

கிழிஞ்சுது போ! சம்பந்தப்பட்டவளை விட்டுவிட்டு ஆபீசில் வந்து காதலைச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். மார்க் போட உட்கார்ந்தால் கை கூசுகிறதாம். கூட்டிப் போட்டாலும் சந்தேகம், குறைத்துப் போட்டாலும் சந்தேகமாம். அது நியாயம்தான்.

அந்த அம்மாவின் மதிப்பீடும் விடுப்பு அனுமதியும் அன்றே வேதியியல் பிரிவுத் தலைவியிடம் போயின. படிவத்தில் இருப்பதை நான் வெளியே சொல்லக்கூடாது. மாற்றத்தைக் கேட்டதும் ஆய்வாளர் அம்மா என் அறைக்குள் புயலாக வந்தார். ஆறு வருடம் உழைத்தவளை சார் ஏன் கைகழுவினார், வேலையில் என்ன குறை கண்டார் என்று கேட்டபோது கண் கலங்கியிருந்தது. உங்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வந்த கோபத்தில் நேரே போய்ச் சாரைப் பிடி பிடியென்று பிடித்தேன்.

“நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. வேண்டாம்னு சொன்னா அதோட விட்டுடணும். அவங்க வேலையில ஒரு துரும்புகூட அசையக்கூடாது.”

வேர்க்க விறுவிறுக்கப் போனார். அதற்குப்பின் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பாவம், அந்த மனுஷனுக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாள் அந்த அம்மா வந்து, தனக்கும் அதே படிவம் ஒன்று வேண்டும் என்றார். முகத்தில் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. அடிப்பாவி, இத்தனை வருடம் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டேவிட்டேன்.

“மார்க் போடுறவர்கிட்ட சிரிச்சுப் பேசினா மத்தவங்களை விடுங்க, அவரே என்ன நினைப்பாரு? அந்தப் பயத்துல ஆறு வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்தேன். இப்ப என் மார்க் அவர் கையில இல்லையே. இனிமே சிரிக்கலாம்ல?”