ஒன்று புள்ளி ஐந்து

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் இருந்தும் எல்லோரும் ‘பத்தாம் நம்பர்’ என்றே கூப்பிட்டார்கள். பத்தாவது கணினி அவளுடையது. மற்ற ஒன்பது பேரும் வேலை முடிந்து வேறு ஊர் ஆவணங்களுக்குப் போய்விட, பின்கட்டு அறையில் அவளும் ஒரு மின்விசிறியும் மிஞ்சினார்கள். யாரும் தொட விரும்பாத கடைசி நில அளவைப் பதிவேடு அவள் தலையில் விழுந்தது.

ஸ்கேன் செய்த பக்கங்களைப் பார்த்து, பரப்பு என்ற கட்டத்தில் உள்ளதையெல்லாம் சதுர மீட்டராக்க வேண்டும். முன்பாதி ஏக்கரும் சென்ட்டும். பின்பாதி, மறு அளவைக்குப் பிறகு, ஹெக்டேரும் அதில் நூறில் ஒரு பங்கான ஏரும். ஒரு ஏக்கர் இருபது சென்ட்டை எழுதியிருந்தபடி ‘1-20’ என்று அடித்தால் கணினி அதைத் தேதியாக்கிவிடும். அதனால் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே ஒரு கட்டத்திலும், மாற்றிய எண்ணைப் பக்கத்துக் கட்டத்திலும் வைத்தாள்.

“பழசு எதுக்கும்மா? நம்பர் மட்டும் போதும்” என்றார் மேற்பார்வையாளர்.

“தப்பு வந்தா எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரியணும் சார்.”

அவர் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

கணவன் போய் நாலு வருஷம். மகன் வெளிநாட்டில், ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேசுவான். மற்ற நாட்களில் அவளிடம் நின்று பேசியது ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தன் நிலத்துக்கு நகல் கேட்டு விண்ணப்பித்திருந்தவர், வெளியே பெஞ்சில் இடமில்லாமல் ஒருநாள் அவள் அறையில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் இடம் இருந்தாலும் வந்தார்.

“என்னம்மா, இன்னிக்கு எத்தனை ஏக்கர் உழுதீங்க?” என்று தினமும் கேட்பார். அவளும் சிரிக்காமல் பக்கத்தைச் சொல்வாள். காலையில் புறப்படும்போதே அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டு வருகிறாள் என்பது அவளுக்கே கொஞ்ச நாளில் புரிந்தது.

அவருக்கும் பேச ஆளில்லை. பக்கத்து நிலத்தில் இருக்கும் தங்கையோடு பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன் இதே பதிவேட்டைப் பாதி தட்டச்சு செய்துவிட்டுப் போன குழு கொடுத்த அச்சுப் பிரதியில் அவர் பங்கு ஒன்றரை ஏக்கர், ஆறாயிரத்து எழுபது சதுர மீட்டர். ஆனால் அளந்தால் அவ்வளவு இல்லை. “வேலியைத் தள்ளிப் போட்டுட்டா” என்று முடிவு கட்டியிருந்தார்.

அந்தப் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் திரையில் வந்தது. நாலு வரிசை: 1-20, 0-45, 1.5, 0-80. மூன்றாவது அவருடையது. அடியில் கூட்டுத்தொகை 3-50.

ஒன்றரை என்று வைத்துக் கூட்டினால் மூன்று ஏக்கர் தொண்ணூற்றைந்து சென்ட் வந்தது. இடிக்கிறதே! ஒரு ஏக்கர் ஐந்து சென்ட் என்று வைத்தாள். சரியாக மூன்றரை. ஐந்துக்கு முன்னால் போடவேண்டிய பூஜ்யத்தை எழுத்தர் விட்டிருந்தார். பின்பாதியைப் புரட்டினாள். மறு அளவையில் அதே புல எண்ணுக்கு நாற்பத்திரண்டரை ஏர், அதாவது நாலாயிரத்து இருநூற்றைம்பது சதுர மீட்டர். ஒரு ஏக்கர் ஐந்து சென்ட்டும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அவர் வந்ததும் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“ஐயா, இது ஒன்றரை இல்லீங்க. ஒரு ஏக்கர் அஞ்சு சென்ட். உங்க தங்கச்சி வேலியைத் தொடவே இல்லை.”

அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை.

“ஒரு புள்ளிக்கா அவகூட ரெண்டு வருஷமா சண்டை போட்டேன்?”

“புள்ளி தப்பில்லீங்க. படிச்சவங்கதான் தப்பா படிச்சிட்டாங்க.”

“அப்படியே விட்டிருக்கலாம்லம்மா. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே ஐயா” என்று மட்டும் சொன்னாள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

குறிப்புக் கட்டத்தில் காரணத்தை எழுதினாள். புள்ளிக்குப் பின் ஒற்றை இலக்கம் உள்ள எல்லா வரிசைகளையும் தேடினாள், அறுபத்தொன்று சிக்கின. ஒவ்வொன்றையும் பக்கக் கூட்டுத்தொகையோடும் மறு அளவையோடும் ஒத்துப் பார்க்க எட்டு நாள் பிடித்தது. ஒத்துவராத நாலை மாற்றாமல், நேரில் அளக்கச் சொல்லித் தனியே எழுதி வைத்தாள். மேற்பார்வையாளர் பட்டியலை வாங்கிப் பார்த்து, “நல்லவேளை பழசை வச்சிருந்தீங்க” என்றார்.

டிரைவர் அந்த எட்டு நாளும் வரவில்லை. ஒன்பதாம் நாள் காவலாளி வந்து நின்றான்.

“உங்க பெரியவர் முன் கவுன்ட்டர்லயே திருத்தின நகலை வாங்கிட்டுப் போயிட்டாரு. கூட ஒரு அம்மா வந்திருந்தாங்க, அவரு தங்கச்சியாம். ரெண்டு பேரும் ஒரே ஆட்டோல ஏறினாங்க.”

“அப்படியா” என்றாள். சந்தோஷம்தான். பிறகு எழுந்துபோய், எதிரில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.